‘நல்ல நிலையில் பெற்றேன்’ என்று எழுதும் முன்

வேலூர் லாங் பஜாரில் மொத்த வியாபாரம் செய்பவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாத பழக்கம் ஒன்று உண்டு. லாரியிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணிப் பார்க்காமல், கிழிசல் நசுங்கலைக் கவனிக்காமல் அவர் கையெழுத்துப் போட மாட்டார். ஒரு மூட்டை கிழிந்திருந்தால் எல்.ஆர். காப்பியிலேயே ‘ஒன்று கிழிசல்’ என்று எழுதி, ஓட்டுநரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்வார். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு தோல் வட்டாரத்தில் இந்தப் பழக்கம் இன்னும் கறாரானது. தோல் வந்து இறங்கியதும் விரித்துப் பார்த்து, ஓட்டை, வெட்டு, தழும்பு எல்லாம் கணக்கில் எடுத்து ரகம் பிரித்த பிறகுதான் விலை பேச்சு. ஆனால், இதே வியாபாரியின் வீட்டுக்கு நாற்பதாயிரம் ரூபாய் ஃபிரிட்ஜ் வந்து இறங்கும்போது நடப்பது வேறு. மூலை நசுங்கிய பெட்டியைப் பார்த்தும், “அப்புறம் பாத்துக்கலாம்” என்று கையெழுத்து விழுகிறது. ஓ.டி.பி.யும் சொல்லப்பட்டுவிடுகிறது. கடைவாசலில் இருக்கிற கறார் வீட்டுவாசலில் ஏன் காணாமல் போகிறது என்பது விளங்கவில்லை. அது காணாமல் போவதால் யாருக்கு நஷ்டம் என்பது மட்டும் நன்றாக விளங்குகிறது.

சரக்கு கை மாறும் எந்தத் தொழிலிலும் சேதத்தின் செலவு கடைசியில் ஒருவர் தலையில்தான் விழும். யார் குறிப்பு எதுவும் எழுதாமல் ‘நல்ல நிலையில் பெற்றேன்’ என்று கையெழுத்துப் போட்டாரோ, அவர் தலையில். ஆலையிலிருந்து கம்பெனிக் கிடங்கு, அங்கிருந்து விநியோகஸ்தர், அவரிடமிருந்து கடைக்காரரின் குடோன், பிறகு குட்டி யானை வண்டி, கடைசியில் வீட்டு வாசல் என்று ஒரு ஃபிரிட்ஜ் குறைந்தது நான்கைந்து முறை ஏற்றி இறக்கப்படுகிறது. பெரிய லாரி நுழைய முடியாத தெருக்களுக்கு இன்னொரு தடவை வண்டி மாற்றமும் உண்டு. எந்தக் கட்டத்தில் அடிபட்டது என்பதை யாராலும் பின்னால் நிரூபிக்க முடியாது. நிரூபிக்கக்கூடியது, எந்தக் கட்டத்தில் அடி முதன்முதலில் எழுத்தில் பதிவானது என்பது மட்டுமே. சரக்குப் போக்குவரத்துச் சட்டங்களெல்லாம் இந்த அடிப்படையில் எழுந்தவைதான். சாலைவழிப் போக்குவரத்துச் சட்டம், 2007-இன்படி, சரக்கு புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் அறிவிக்காவிட்டால், சேதத்துக்காக லாரி நிறுவனத்தின் மீது வழக்கே போட முடியாது. கப்பல் சரக்கில், கண்ணுக்குத் தெரியும் சேதத்தைச் சரக்கை எடுக்கும்போதே எழுதிக் கொடுக்க வேண்டும். வெளியே தெரியாத சேதத்துக்கு மூன்று நாள் அவகாசம் என்பது நெடுங்காலமாக உலகெங்கும் உள்ள விதி. கண்டெய்னர் கண்டெய்னராகத் தோலும் ஷூவும் ஏற்றுமதி செய்யும் ஊர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. வீட்டு உபயோகப் பொருள் வாங்குபவர் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. அவருக்கு அடுத்துக் கைமாற்றிவிட ஆள் கிடையாது. அதனால்தான் கண்ணுக்குத் தெரியும் சேதத்தோடு வரும் பொருளை அவர் வாசலிலேயே மறுத்துவிடுவது நல்லது என்கிறேன். மறுத்தால் மட்டும் போதாது. மறுத்ததற்கான காரணத்தையும் அந்த இடத்திலேயே பதிவு செய்தாக வேண்டும்.

இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்பவர்கள் நுகர்வோர் சட்டத்தைத்தான் முதலில் புரட்டுகிறார்கள். அதைவிடப் பழைய ஒரு சட்டம் இதை நேரடியாகப் பேசுகிறது. சரக்கு விற்பனைச் சட்டம், 1930. முன்பே பார்த்திராத பொருள் கொண்டுவந்து தரப்படும்போது, அது ஒப்பந்தப்படி இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை, வாங்குபவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருத முடியாது என்கிறது 41-ஆவது பிரிவு. எப்போது ஏற்றுக்கொண்டதாகக் கருதலாம் என்பதை 42-ஆவது பிரிவு சொல்கிறது. ‘ஏற்கிறேன்’ என்று விற்றவரிடம் தெரிவித்தால். அல்லது அது தன்னுடைய பொருள் என்பதுபோல நடந்துகொண்டால். அல்லது நியாயமான காலம் கடந்தும் மறுப்புச் சொல்லாமல் வைத்திருந்தால். அடுத்த பிரிவு பலருக்குத் தெரியாதது. மறுக்கும் உரிமை உள்ளவர் பொருளைத் தானே விற்றவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதில்லை. மறுக்கிறேன் என்று தெரிவித்தாலே போதும் என்கிறது 43. “நீங்களே வண்டி வச்சு குடோனுக்கு அனுப்பிடுங்க, அப்புறம் பார்க்கிறோம்” என்று சொல்லும் கடைக்குப் பதில் இந்தப் பிரிவில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சம்மதித்திருந்தால் இவை மாறும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதனால் பில்லின் பின்புறப் பொடி எழுத்தை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

ஏற்றுக்கொண்ட பிறகு என்ன ஆகிறது? எல்லாம் போய்விடுவதில்லை. ஆனால், கையில் இருக்கும் ஆயுதம் சிறிதாகிவிடுகிறது. பொருளை ஏற்றுக்கொண்டவர், பொதுவாக, ஒப்பந்தமே முறிந்தது என்று சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. குறைக்கு ஈடாக நஷ்டஈடுதான் கேட்கலாம் என்கிறது அதே சட்டத்தின் 13-ஆவது பிரிவு. நடைமுறையில் இதன் பொருள், ‘பணத்தைத் திருப்பிக் கொடு’ என்ற கோரிக்கை ‘கதவை மாற்றிக் கொடு’ என்று சுருங்குவது. நுகர்வோர் சட்டம் இதற்குமேல் பாதுகாப்புத் தருகிறது என்றாலும், வழக்கில் முதல் கேள்வி ‘வாங்கும்போதே இருந்த சேதமா, வீட்டில் ஏற்பட்டதா’ என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்வி எழவே வழியில்லாத ஒரே கட்டம், பொருள் இன்னும் வாசற்படி தாண்டாமல் நிற்கும் அந்தச் சில நிமிடங்கள்.

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் பார்ப்போம். கொசப்பேட்டையில் ஒரு குடும்பம் இரண்டு கதவு ஃபிரிட்ஜ் ஒன்றுக்கு முன்பணம் முழுதும் கட்டி வாங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குட்டி யானையில் வந்து இறங்குகிறது. அட்டைப் பெட்டியின் கீழ் மூலை ஒன்று உள்ளே போயிருக்கிறது. அந்த இடத்தில் தெர்மாகோல் உடைந்து வெள்ளைத் துகள் கொட்டுகிறது. முதலில் பார்க்க வேண்டியது பெட்டியை ஒட்டிய டேப். கம்பெனி பெயர் அச்சிட்ட டேப் இருக்க வேண்டிய இடத்தில் சாதாரணப் பழுப்பு டேப் மேலே ஒட்டியிருந்தால், பெட்டி ஒருமுறை திறக்கப்பட்டு மூடப்பட்டது என்று பொருள். வேறு யாரோ மறுத்து அனுப்பியதாகக்கூட இருக்கலாம். மேல் நோக்கிய அம்புக்குறி பக்கவாட்டில் இருக்கும்படி வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் அதுவும் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி. சில பெட்டிகளில் சாய்ந்தாலோ வேகமாக மோதினாலோ சிவப்பாக மாறும் சிறு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். சிவந்திருந்தால் பெட்டி வழியில் மோதியிருக்கிறது அல்லது சாய்க்கப்பட்டிருக்கிறது. உள்ளே பொருள் உடைந்ததா என்பதை அது சொல்லாது.

பெட்டியைத் திறந்ததும் கண் தானாகக் கதவின் பளபளப்புக்குத்தான் போகும். பார்க்க வேண்டியதோ பக்கச் சுவர். இன்றைய பெரும்பாலான ஃபிரிட்ஜ்களில் வெப்பத்தை வெளியே தள்ளும் கண்டென்சர் குழாய் முன்காலத்தில் போலப் பின்னால் கறுப்பு வலையாகத் தொங்குவதில்லை. பக்கத் தகட்டுக்கு உள்புறம் ஒட்டி ஓடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஃபிரிட்ஜின் பக்கத்தில் கை வைத்தால் சுடுவது அதனால்தான். ஆகவே, பக்கத்தில் விழுந்த ஒடுக்கு வெறும் அழகுக் குறைவு அல்ல. தகட்டுக்குள் குழாய் நசுங்கியிருக்கலாம். மயிரிழை விரிசல் விட்டிருக்கலாம். அப்படி விரிசல் விட்டால் கேஸ் ஒரே நாளில் போகாது. வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் கசியும். குளிர் குறைந்து டெக்னீஷியன் வருவதற்குள் பொருளைத் திருப்பும் கெடு முடிந்திருக்கும்; ஒடுக்கைக் காட்டி ‘வெளி அடியால் வந்த பழுது, வாரண்டியில் வராது’ என்று அவர் எழுதிவிட்டுப் போவார். அடுத்துப் பார்க்க வேண்டியது பின்புறம் கீழே, கம்ப்ரஸர் இருக்கும் இடம். அங்கே அடித்தெர்மாகோலில் எண்ணெய்க் கறை இருந்தால் குழாய் விட்டிருக்க வாய்ப்பு உண்டு. கம்ப்ரஸர் எண்ணெய் கேஸோடு கலந்து ஓடுவதால், கேஸ் கசிகிற இடத்தில் எண்ணெயும் கசியும். இப்போதைய வீட்டு ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது ஐசோபியூட்டேன் என்ற எரியும் வாயு. அளவு சில பத்து கிராம்தான் என்றாலும், அடிபட்ட ஃபிரிட்ஜை ‘ஓடுதா பாக்கலாம்’ என்று பிளக்கில் சொருகிப் பார்ப்பது வேண்டாத வேலை. கடைசியாகக் கதவு. உடம்பு முறுக்கிக்கொண்டிருந்தால் மேல் கதவும் கீழ்க் கதவும் ஒரே கோட்டில் நிற்காது. கதவு ரப்பருக்கு நடுவே ஒரு தாளை வைத்து மூடி இழுத்தால், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும்.

இங்கே சேதம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது என்று கொள்வோம்; இடப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒடுக்கு. இனிப் பதிவு. பலர் ஒடுக்கை மட்டும் மிக நெருக்கத்தில் நான்கு படம் எடுத்துவிட்டு முடிந்தது என்று நினைக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்ப்பவருக்கு அது எந்த ஃபிரிட்ஜ், யார் வீட்டில், எந்த நாளில் என்று எதுவும் தெரியாது. படம் ஒரு வரிசையில் போக வேண்டும். முதலில் வண்டியோ வாசலோ தெரியும்படி பெட்டி முழுதும். பிறகு பெட்டியின் எல்லாப் பக்கமும். அப்புறம் பெட்டியில் ஒட்டியிருக்கும் லேபிள்; ஆர்டர் எண், மாடல், சீரியல் எண் மூன்றும் படிக்கும்படி. அதன் பிறகுதான் சேதம். தூரத்திலிருந்து ஒன்று, பக்கத்தில் ஓர் அளவு நாடாவையோ ரூபாய் நாணயத்தையோ வைத்து ஒன்று. திறப்பதை வீடியோ எடுத்தால் டேப் வெட்டுவதிலிருந்து சேதம் தெரியும்வரை நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். நடுவில் நிறுத்தித் தொடங்கிய வீடியோவைப் பார்த்ததும் எதிர்த்தரப்பு கேட்கும் முதல் கேள்வி, அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்பதுதான். எடுத்த படங்கள் போனிலேயே இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்குவதோடு, எடுத்த நாள், நேரம் போன்ற உள்விவரங்களும் உதிர்ந்துவிடும். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் டாக்குமெண்டாக அனுப்பலாம். வண்டிக்காரரின் முகத்தை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. குற்றவாளியைப் பிடிப்பதுபோல அவர் முகத்துக்கு நேரே போனை நீட்டுவது பண்பும் அல்ல, வழக்குக்குப் பயனும் இல்லை.

படத்தைவிட முக்கியமானது தாள். டெலிவரி சீட்டில் அச்சாகியிருக்கும் ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்ற வரியை அடித்துவிட்டு, அதன் மேல் கையால் எழுத வேண்டும். நீளமாக வேண்டாம். ‘பெட்டியின் கீழ் இடது மூலை நசுங்கியுள்ளது. ஃபிரிட்ஜின் இடப் பக்கத்தில் ஒடுக்கு உள்ளது. பொருளை ஏற்கவில்லை, திருப்பி அனுப்புகிறேன்’ என்று எழுதி, நாள், நேரம் போட்டுக் கையெழுத்திட்டால் போதும். கொண்டுவந்தவரும் கையெழுத்திட்டால் நல்லது. மறுத்தால் வற்புறுத்த வேண்டாம், தாளைப் படமெடுத்துக்கொள்ளலாம். இணையத்தில் வாங்கியதாக இருந்தால் தாளே இருக்காது; ஓ.டி.பி.தான் கையெழுத்து. அதைச் சொன்ன நொடியில் விற்பவரின் கணினியில் ‘டெலிவரி ஆனது’ என்று பதிவாகிவிடும். ஆகவே, பார்த்து முடிக்கும்வரை ஓ.டி.பி.யைச் சொல்லக் கூடாது. பெட்டியைத் திறந்து காட்டிவிட்டுத் தரும் முறை இப்போது பல பொருட்களுக்கு வந்திருக்கிறது. அதிலும், பார்த்த பிறகுதான் எண்ணைச் சொல்ல வேண்டும் என்பதே விதி. அன்றைக்கே விற்றவருக்கு ஒரு மின்னஞ்சலோ அவர்கள் செயலியில் ஒரு புகாரோ போய்விட வேண்டும். அதில் ‘மாற்றித் தரவும்’ என்றும் ‘பணம் தரவும்’ என்றும் இரண்டையும் கலந்து எழுதினால், அவர்களுக்கு எது வசதியோ அதைத்தான் செய்வார்கள். எது வேண்டும் என்று ஒன்றை மட்டும் எழுதுவது நல்லது.

மறுத்து அனுப்பிய பிறகு பலர் அயர்ந்துவிடுவது இன்னோர் இடத்தில். பொருள் திரும்பிப் போகும்போது அதற்கு ஒரு காரணம் கணினியில் ஏறுகிறது. ‘சேதம்’ என்று ஏறினால் ஒரு வழி. ‘வாடிக்கையாளர் வேண்டாம் என்றார்’ என்று ஏறினால் வேறு வழி. ‘வீடு பூட்டியிருந்தது’ என்று ஏறினால் அதே அடிபட்ட பெட்டி மறுநாள் மறுபடி வாசலுக்கு வரும். கொண்டுவந்தவர் கெட்ட எண்ணத்தில் இதைச் செய்வதில்லை. அவர் போனில் எந்தக் காரணம் சீக்கிரம் கைக்கு வருகிறதோ அதைத் தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். ஆகவே, காரணம் ‘சேதம்’ என்று போடப்பட்டதா என்று அவரிடமே கேட்டுப் பார்த்துக்கொள்வதும், மாலையில் ஆர்டர் நிலவரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பதும் தேவை. சீரியல் எண்ணைப் படமெடுக்கச் சொன்னதன் பயனும் இங்கேதான். மாற்றுப் பொருள் என்று வருவது புதிய பெட்டிக்குள் போட்ட அதே ஃபிரிட்ஜா என்பதை அந்த எண் ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை கனமில்லாதவை அல்ல. தவணையில் வாங்கியவரின் கவலை முதலாவது. லாங் பஜாரைச் சுற்றியுள்ள கடைகளில் விற்கும் டி.வி.யும் ஃபிரிட்ஜும் பல, நிதி நிறுவனத்தின் டி.ஓ. மூலம் போகிறவை. அதாவது, கடைக்காரருக்குப் பணம் கொடுப்பது நிதி நிறுவனம். வாங்கியவர் கட்டுவது மாதத் தவணை. பொருளைத் திருப்பி அனுப்பினாலும் கடன் தானாக ரத்தாவதில்லை. கடைக்காரர் பில்லை ரத்துசெய்து நிதி நிறுவனத்துக்குத் தெரிவித்தால்தான் தவணை நிற்கும். அதுவரை வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டிருக்கும். கோபத்தில் கணக்கைக் காலியாக வைத்தால் ‘பவுன்ஸ்’ கட்டணமும் கடன் மதிப்பெண் சரிவும் வாங்கியவருக்குத்தான். இது உண்மையான இடர். ஆனால், இதற்குத் தீர்வு அடிபட்ட பொருளை வாங்கிக்கொள்வது அல்ல. மறுத்த அன்றே கடைக்கு அனுப்பும் கடிதத்தின் நகலைக் கடன் எண்ணோடு நிதி நிறுவனத்துக்கும் அனுப்பி, பில் ரத்தானதற்கான கிரெடிட் நோட்டைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்குவதுதான். ஜி.எஸ்.டி. முறையில் பொருள் திரும்பினால் கடைக்காரர் தான் கட்டிய வரியைச் சரிக்கட்டிக்கொள்ள அந்த கிரெடிட் நோட்டுத்தான் வழி. எனவே, அது அவருக்கும் வேண்டியதே.

“பெட்டியை நீங்க திறக்காதீங்க, கம்பெனி ஆள் வந்துதான் திறக்கணும்” என்ற பேச்சு அடுத்தது. டி.வி., வாஷிங் மெஷின், ஏ.சி. எல்லாவற்றுக்கும் இது சொல்லப்படுகிறது. காரணமும் உண்டு. முன்புறம் துணி போடும் வாஷிங் மெஷினில் டிரம்மை அசையாமல் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றாமல் ஓட்டினால் இயந்திரமே கெட்டுவிடும். ஆனால், திறக்கக் கூடாது என்பதற்காக வெளியே தெரியும் சேதத்தையும் பார்க்கக் கூடாது என்று ஆகிவிடாது. பெட்டி நசுங்கியிருந்தால் மறுக்கலாம். மறுக்காமல் வைத்துக்கொள்ள வேண்டிய நிலை வந்தால், ‘பெட்டி திறக்கப்படவில்லை. மூலை நசுங்கியுள்ளது. உள்ளே உள்ள நிலை தெரியாது’ என்று எழுதித்தான் வாங்க வேண்டும். சோதிக்க வாய்ப்பே கிடைக்காமல் வாங்கியதை ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது என்பதற்கு 41-ஆவது பிரிவும் இந்த வாசகமும் சேர்ந்து நிற்கும். டெக்னீஷியன் வந்து திறக்கும்போது சேதம் தெரிந்தால், அவர் ஜாப் ஷீட்டில் ‘பெட்டி திறக்கும்போதே சேதம்’ என்று எழுதவைத்து நகல் வாங்க வேண்டும். அவர் வருவதற்குள் திருப்பும் கெடு முடிந்துவிடும் என்று தெரிந்தால், கெடு முடிவதற்கு முன்பே புகாரைப் பதிவு செய்துவிட வேண்டும்.

சின்ன ஒடுக்குக்குப் போய் இவ்வளவு ரகளையா, ஆயிரம் இரண்டாயிரம் குறைத்துக்கொண்டு வாங்கிவிட்டால் என்ன என்பது மூன்றாவது. சில நேரம் இது நியாயமான பேரம்தான். வாஷிங் மெஷினின் பின் தகட்டில் ஒரு கீறல், சுவரோரம் நிற்கப் போகிறது, கடைக்காரர் தெரிந்தவர். வாங்கிக்கொள்ளலாம். ஆனால், குறைத்த தொகையும் அந்தக் கீறலின் விவரமும் ‘இதனால் வாரண்டி பாதிக்காது’ என்ற வார்த்தையும் பில்லில் ஏற வேண்டும். வாய்ப்பேச்சில் குறைத்தது நாளை டெக்னீஷியன் முன்னால் நிற்காது. ஃபிரிட்ஜின் பக்கச் சுவர், ஏ.சி. வெளி யூனிட்டின் செப்புக் குழாய், டி.வி.யின் திரை ஆகிய மூன்றிலும் எந்தக் குறைப்புக்கும் சம்மதிக்க வேண்டாம் என்பேன். வெளியே தெரியும் அடிக்கும் உள்ளே ஆன கெடுதிக்கும் அவற்றில் சம்பந்தமே இருக்காது.

பாவம், தூக்கி வந்தவர் வயிற்றில் அடிக்கலாமா என்ற தயக்கம் பலருக்கு வருகிறது. “அக்கா, ஓ.டி.பி. சொல்லிடுங்க, ஆப்ல போட்டா மாத்திக் குடுத்துடுவாங்க” என்று அவர் கேட்பதில் அவருடைய நாள் கூலி இருக்கிறது. ஆனால், யோசித்துப் பார்த்தால் நல்ல பதிவு அவரையும் காப்பாற்றுகிறது. வண்டியிலிருந்து இறக்கும்போதே பெட்டி நசுங்கியிருந்தது என்று எழுத்தில் இருந்தால், இறக்கும்போது போட்டு உடைத்தார் என்று அவர்மீது யாரும் பழி போட முடியாது. தெரிந்த கடைக்காரர் விஷயத்திலும் இதே கதைதான். அண்ணாச்சி மனம் கோணுமே என்று பேசாமல் வாங்கிக்கொண்டால் அவருக்கு நன்மை செய்ததாக நினைக்கிறோம். உண்மையில், எழுத்தில் சேதம் பதிவாகாத பொருளுக்கு அவர் விநியோகஸ்தரிடமோ லாரி நிறுவனத்திடமோ ஒரு பைசா கேட்க முடியாது.

இத்தனைக்குப் பிறகும் பணம் வராவிட்டால்? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைத் தர மறுப்பதை முறையற்ற வணிக நடவடிக்கை என்றே வரையறுக்கிறது. பில்லில் கெடு குறித்திருந்தால் அதற்குள். இல்லாவிட்டால் 30 நாளுக்குள். இணைய வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, புகார் கிடைத்ததை நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யலாம். நிறுவனத்தோடு பேசித் தீர்க்க முயல்வார்கள், தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அதற்குப் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் பெங்களூரிலோ டெல்லியிலோ இருந்தாலும், வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பது 2019-ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த பெரிய வசதி. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. கெடு இரண்டு ஆண்டு.

ஆணையத்தின் நடைமுறையைப் பார்த்தால், வாசலில் செய்த வேலைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பது புரியும். சட்டத்தின் 38-ஆவது பிரிவின்படி, புகார் விசாரிக்கப்படுவது பிரமாண வாக்குமூலத்தையும் ஆவணங்களையும் கொண்டு. கூண்டில் ஏறி உருக்கமாகப் பேசிச் சாதிக்க அங்கே பெரிதாக இடமில்லை. தாள் பேச வேண்டும். பொருளின் குறையைச் சோதனை இல்லாமல் கண்டறிய முடியாது என்றால் ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பும். சோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் இரண்டுமே நீள்வதுண்டு. ஆனால், வாங்கிக்கொண்டு, ஓட்டிப் பார்த்து, மூன்றாம் வாரம் குளிர் வராமல் போன ஃபிரிட்ஜின் வழக்கு ஆய்வகத்துக்குப் போகும். வாசலிலேயே ஒடுக்கோடு படமெடுத்து மறுத்து அனுப்பிய ஃபிரிட்ஜின் வழக்கில் சோதிக்க எதுவுமில்லை. பொருள் அவர்களிடம் இருக்கிறது, பணமும் அவர்களிடம் இருக்கிறது. கேள்வி பணத்தை ஏன் தரவில்லை என்பது மட்டுமே. படங்களை ஆவணமாகத் தாக்கல் செய்யும்போது, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படியான சான்றிதழைக் கேட்கக்கூடும். அதற்காகவாவது படமெடுத்த அந்த போனை விற்றுவிடாமல் வைத்திருப்பது நல்லது.

லாங் பஜார் வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டியிருக்கிறது. இந்த ஆணையத்தின் கதவு எல்லாருக்கும் திறக்காது. கடைக்கு வாங்கிய டீப் ஃப்ரீஸர், தோல் குடோனுக்கு வாங்கிய ஏ.சி. எல்லாம் ‘வணிக நோக்கம்’ என்று தள்ளப்படலாம். கோவை பி.எஸ்.ஜி. தொழிற்கூடத்தின் இயந்திரம் தொடர்பான லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் இந்தக் கோட்டை வரைந்தது. சுயதொழிலாகத் தானே உழைத்துப் பிழைப்பு நடத்த வாங்கியவர் நுகர்வோர்; பெரிய அளவில் லாபத் தொழிலுக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்ல. அந்த வழக்கைப் போட்ட நிறுவனம் இரண்டாவது வகையில் விழுந்தது. பெட்டிக்கடையில் குளிர்பானம் விற்றுப் பிழைப்பவர் தன் ஃப்ரீஸருக்காக ஆணையத்துக்குப் போகலாம். பத்து ஆள் வைத்து நடத்தும் கடைக்காரர் சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். அங்கே அவருக்குத் துணை 1930-ஆம் ஆண்டுச் சட்டமும், டெலிவரி சீட்டில் அவர் கையால் எழுதிய இரண்டு வரியும்தான்.

கடைகள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு, செலவில்லாதது. இன்றைய டெலிவரி சீட்டுகள் பலவற்றில் ஒரே ஒரு வாசகம்தான் அச்சாகியிருக்கிறது. அது ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’. சேதம் இருந்தால் எழுத இடம் இல்லை, மறுத்தால் கையெழுத்திட இடம் இல்லை. அந்த வரிக்குக் கீழே ‘பெட்டியின் நிலை’, ‘பொருளின் நிலை’, ‘சீரியல் எண்’, ‘மறுத்தால் காரணம்’ என்று நான்கு கோடு போட்டுவிட்டால் வாங்குபவர் எதையும் அடித்துத் திருத்த வேண்டியதில்லை. கொண்டுவந்தவரும் எந்தக் காரணத்தைத் தட்டுவது என்று தடுமாற வேண்டியதில்லை. கடைக்காரர் அதே நகலை விநியோகஸ்தருக்கு அனுப்பி, தன் நஷ்டத்தை அன்றைக்கே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.